உள்தையலில் தொங்கும் சீட்டு சொல்வது என்ன?

சென்ற மே மாதத்தில் ஒரு மாலை நம் உறுப்பினர் ஒருவரின் ஜவுளிக் கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அப்போது ஓர் அம்மாள் ஒரு பையுடன் உள்ளே வந்தார். பையிலிருந்து அடர் சிவப்பு நிறத்தில் கழுத்தில் நூல் வேலை செய்த ஒரு குர்த்தாவையும், அதோடு சேர்ந்த துப்பட்டாவையும் எடுத்து மேசைமேல் போட்டார்.

"அண்ணே, வாங்கிப் பதினைஞ்சு நாள்கூட ஆவல. ஒரே ஒரு தண்ணிதான் காட்டினேன். என் பொண்ணுக்கு முட்டிக்கு மேல ஏறி நிக்குது. துப்பட்டாவைப் பாருங்க, வெள்ளையா இருந்தது ரோஸ் ஆயிட்டுது."

கடைக்காரர் உடனே மொத்த வியாபாரிக்குப் போன் போடப் போனார். சரக்கில் கோளாறு என்பதே அவரது முடிவு. நாம் அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னோம். அதே கட்டில் வந்து விற்காமல் இருந்த இன்னொரு குர்த்தாவை அலமாரியிலிருந்து எடுத்து இரண்டையும் நாடாவால் அளந்தோம். புதியது 44 அங்குலம். துவைத்தது நாற்பத்தொன்றரை அங்குலம். அகலத்தில் அவ்வளவு குறைவில்லை. பிறகு இடப்பக்க உள்தையலைத் திருப்பிப் பார்த்தபோது விரல் அகலத்தில் ஒரு வெள்ளைச் சீட்டும், அதில் வரிசையாக ஐந்து படங்களும் இருந்தன. அந்தச் சீட்டை விற்றவரும் படிக்கவில்லை, வாங்கியவரும் படிக்கவில்லை.

இந்த ஐந்து படங்களுக்கும் நமது ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1954 நவம்பர் வரை காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால், இன்றும் பாரிஸ் பக்கம் பிள்ளைகளோ உடன்பிறந்தவர்களோ இல்லாத தெரு இங்கே குறைவு. அங்கிருந்து வரும் பெட்டிகளில் உள்ள சட்டைகளிலும் கம்பளிகளிலும் இதே படங்கள்தாம். அவற்றின் உரிமையை வைத்திருக்கும் ஜினெடெக்ஸ் என்ற அமைப்பு 1963-ல் பாரிஸ் நகரில்தான் தொடங்கியது. பின்னர் அதே படங்கள் ஐ.எஸ்.ஓ. 3758 என்ற உலகத் தரமாயின. திருப்பூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் உடையிலும், போகாமல் தங்கி ஏற்றுமதி மிச்சமாக நம் கடைகளுக்கு வரும் உடையிலும் காண்பது அவையே. மிச்சச் சரக்கு விற்பவர்கள் கழுத்திலுள்ள கம்பெனிப் பெயரைக் கத்தரிக்கும்போது, சில சமயம் பக்கத்தையல் சீட்டையும் சேர்த்து நறுக்கிவிடுகிறார்கள். பெயர்ச் சீட்டு போனால் நமக்கு நஷ்டமில்லை. சலவைச் சீட்டு போன சரக்கைக் கொள்முதல் செய்யும்போது அது எதனால் நெய்யப்பட்டது என்றுகூடத் தெரியாமல் வாங்குகிறோம். பிரான்சிலிருந்து வந்த சீட்டானால் அதில் 'ஸ்வா' என்றிருந்தால் பட்டு, 'லேன்' என்றால் கம்பளி, 'கொத்தோன்' என்றால் பருத்தி என்று நம் வீட்டுப் பெரியவர்களே படித்துச் சொல்லிவிடுவார்கள்.

அந்தக் குர்த்தாவின் சீட்டுக்கு வருவோம். முதல் படம் தண்ணீர்த் தொட்டி. அதனுள் 30 என்ற எண், தொட்டியின் அடியில் இரண்டு கோடுகள். இரண்டாவது முக்கோணம், அதன்மேல் பெருக்கல் குறி. மூன்றாவது சதுரத்துக்குள் வட்டம், அதன்மேலும் பெருக்கல் குறி. நான்காவது இஸ்திரிப் பெட்டி, அதனுள் ஒரு புள்ளி. ஐந்தாவது வெறும் வட்டம், அதனுள் ஆங்கில 'பி' எழுத்து. எந்த நாட்டுச் சீட்டானாலும் பொதுவாக இதே வரிசைதான். முதலில் சலவை, பிறகு வெளுப்பு, உலர்த்தல், இஸ்திரி, கடைசியில் சலவை நிலையத்தாருக்கான குறிப்பு. பெருக்கல் குறி போட்டிருந்தால் அந்த வேலையையே செய்யக் கூடாது என்று பொருள்.

இவற்றில் நம் வாடிக்கையாளர்களை அதிகம் ஏமாற்றுவது முதல் படம். 30 என்றால் முப்பது டிகிரியில் துவைக்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது உச்ச வரம்பு. அதற்குக் கீழே எவ்வளவு குளிர்ந்த நீரிலும் துவைக்கலாம், மேலே போகக் கூடாது. ஐரோப்பாவில் குழாய் நீர் சில்லென்று வரும், மெஷின்தான் அதைச் சூடாக்கும். ஆகவே அங்கே இந்த எண் மெஷினின் குமிழைத் திருப்புவதற்கு. நமக்கோ மொட்டைமாடித் தொட்டியே ஒரு கொதிகலன். சித்திரை, வைகாசி வெயிலில் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து பிற்பகலில் இறங்கும் நீர் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். மேலே மூடி போட்ட மெஷின்கள் பலவற்றில் சூடேற்றும் கம்பி கிடையாது. அவற்றில் 'குளிர்ந்த நீர்' என்று வைத்தாலும் உள்ளே விழுவது தொட்டி நீர்தான். "பச்சைத் தண்ணியிலதான் துவைச்சேன்" என்று அந்த அம்மாள் சத்தியம் செய்தார். அவர் சொன்னது பொய்யல்ல. துவைத்தது பகல் இரண்டு மணிக்கு.

இதை அறிய வெப்பமானி வேண்டியதில்லை. மணிக்கட்டை நீரில் வைத்துப் பார்த்தால் இதமான சூடு தெரிந்தால் அது 30-ஐத் தாண்டிவிட்டது, ஏனெனில் நம் தோலே முப்பத்து மூன்று டிகிரி அளவில்தான் இருக்கிறது. நீர் குளுமையாகத் தெரிய வேண்டும். முதல் நாள் இரவே ஒரு வாளி நீரைப் பிடித்து நிழலில் வைத்து விடியற்காலையில் துவைத்தால் கோடையிலும் வரம்பை ஒட்டி நிற்கலாம். இன்னும் குளிர வேண்டுமானால் மண்பானை நீர் இரண்டு செம்பு கலந்தால் போதும்.

எண்ணைவிட முக்கியம் அடியிலுள்ள கோடுகள். கோடே இல்லாத தொட்டி என்றால் மெஷினில் சாதாரணமாகச் சுழற்றலாம். ஒரு கோடு என்றால் மென்மையாக, அதாவது துணியைக் குறைவாகப் போட்டு, புரட்டலையும் பிழிதலையும் குறைத்து. இரண்டு கோடு என்றால் மிக மென்மையாக, கம்பளிக்கும் நுண்ணிய துணிக்கும் என்று மெஷினில் தனியாக உள்ள சுற்றில் மட்டும். தொட்டிக்குள் ஒரு கை அமிழ்ந்திருப்பது போல் படம் இருந்தால் கைச் சலவை மட்டுமே, அதுவும் 40 டிகிரிக்குள். இரட்டைத் தொட்டி வைத்த அரை தானியங்கி மெஷினில் இத்தகைய மென்மையான சுற்று என்று சொல்லத்தக்கது இல்லை. ஆகவே அந்த மெஷின் வைத்திருக்கும் வீட்டுக்கு இரண்டு கோடுள்ள உடை போகிறதென்றால் கையால் துவைக்கச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு பத்தியம்? அந்தக் குர்த்தா விஸ்கோஸ். மரக்கூழிலிருந்து எடுத்த இழை அது. காய்ந்திருக்கும்போது பட்டுப்போல் விழும். நனைந்தால் அதன் வலுவில் பாதியளவு போய்விடும். நூலும் நீரைக் குடித்துப் பருக்கும். தறியிலும் தைக்கும் இடத்திலும் நீள வாட்டில் இழுபட்டிருந்த இழை அந்த நேரத்தில் தளர்ந்து பழைய நிலைக்குத் திரும்பும். அதனால்தான் நீளம் குறைந்து அகலம் அப்படியே இருந்தது. சூடும் புரட்டலும் சேர்ந்தால் அது ஒரே சலவையில் முழுக்க நடந்து முடிகிறது. பருத்திக்குப் பழகிய கை விஸ்கோஸை முறுக்கிப் பிழிந்தால் தையலோரத்தில் இழை விலகும். கம்பளியின் கதை வேறு. அதன் இழைமேல் மீன் செதில் போன்ற அமைப்பு இருப்பதால் சூட்டிலும் தேய்ப்பிலும் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியாகிவிடும். அப்படிக் கெட்டியானதைத் திரும்ப விரிக்க எந்த வழியும் இல்லை.

அந்த அம்மாளிடம் மேலும் கேட்டதில், குர்த்தாவையும் துப்பட்டாவையும் ஒரே வாளியில் சலவைத்தூள் கரைத்து ஒரு மணி நேரம் ஊறப் போட்டதாகவும், பிறகு மெஷினில் சுழற்றியதாகவும் சொன்னார். துப்பட்டாவின் கறையைப் பார்த்தாலே அது தெரிந்தது. துணி முழுவதும் ஒரே சீராக இளஞ்சிவப்பு. சாய நீரில் ஊறினால்தான் அப்படி வரும். ஈரத்துணிகளைக் குவியலாகப் போட்டுவைத்ததால் ஏறிய சாயமாக இருந்தால் திட்டுத் திட்டாக, ஓரத்தில் கோடு கட்டி நிற்கும். வெளுப்பு மருந்து பட்ட கறையோ இதற்கு நேர்மாறாக இருக்கும். அங்கே நிறம் ஏறியிருக்காது, போயிருக்கும். இவற்றைக் கண்டறியத் தெரிந்த கடைக்காரர் வாடிக்கையாளரிடம் சண்டை போட வேண்டியிருக்காது.

கடைக்காரர் முகம் தெளிந்து, "அப்ப நம்ம மேல தப்பு இல்ல" என்றார். அவ்வளவு சீக்கிரம் முடிவு கட்ட நாம் விடவில்லை. விற்காத புதுக் குர்த்தாவின் உள்தையலில், நனைத்துப் பிழிந்த வெள்ளைப் பருத்திக் கைக்குட்டையால் பத்து முறை தேய்த்துப் பார்த்தோம். கைக்குட்டையில் சிவப்பு நன்றாகவே ஏறியது. அதாவது சாயம் சரியாக நிற்கவில்லை. சீட்டில் உள்ளபடியே துவைத்திருந்தாலும் துப்பட்டா கொஞ்சம் நிறம் பிடித்திருக்கும். அதோடு இன்னொன்றும் வெளிவந்தது. விற்ற அன்று, "மெஷின்லயே போடலாம்மா, ஒண்ணும் ஆவாது" என்று கடைப்பையன் சொல்லியிருக்கிறான். பையன் ஒப்புக்கொண்டான். சீட்டு ஒன்று சொல்ல நம் ஆள் வேறொன்று சொன்னால், பிறகு சீட்டைக் காட்டி நாம் தப்பிக்க முடியாது. கடைசியில் குர்த்தா சுருங்கியதற்காகக் கடைக்காரர் பாதி விலையைக் கழித்துக் கொடுத்தார். துப்பட்டாவுக்கான பணத்தைக் கைக்குட்டையை ஆதாரமாகக் காட்டி மொத்த வியாபாரியிடம் வாங்கினார். மீதியிருந்த குர்த்தாக்களையும் திருப்பி அனுப்பினார். அந்தப் பத்துத் தேய்ப்பைக் கட்டுப் பிரித்த அன்றே செய்திருந்தால் இது எதுவும் நேர்ந்திராது. அடர் சிவப்பு, கருநீலம், கறுப்பு இம்மூன்றையும் வெள்ளையோடு சேர்த்துச் செட்டாகக் கொள்முதல் செய்பவர்கள் ஒவ்வொரு கட்டிலும் ஒன்றை எடுத்துத் தேய்த்துப் பார்ப்பது நல்லது.

சரி, அந்தக் குர்த்தாவை எப்படித் துவைத்திருக்க வேண்டும்? அந்த அம்மாளும் இதைத்தான் கேட்டார். துப்பட்டாவைத் தனியே வைத்துவிட்டு, குர்த்தாவை உள்புறம் வெளியே வருமாறு திருப்ப வேண்டும். அகலமான பேசினில் குளிர்ந்த நீர் பத்து லிட்டர் எடுத்து, பட்டுக்கும் கம்பளிக்கும் என்று விற்கும் திரவச் சோப்பில் இரண்டு தேக்கரண்டி கலக்க வேண்டும். சலவைத்தூள் காரத்தன்மை உள்ளது. பருத்திக்கு நல்லது, பட்டுக்கும் கம்பளிக்கும் ஆகாது, சாயம் நிற்காத துணியை இன்னும் கசிய வைக்கும். சோப்பு முழுதும் கரைந்த பிறகே துணியை இறக்கி, உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி எடுக்க வேண்டும். ஐந்து நிமிடம் போதும், ஊறல் கூடாது. கல்லில் அடிப்பதும் பிரஷ் போடுவதும் வேண்டாம். தூக்கும்போது தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் நீரின் கனமே நனைந்த இழையை இழுத்துவிடும். இரு கைகளையும் அடியில் கொடுத்து மொத்தமாக எடுக்க வேண்டும். நல்ல நீரில் மூன்று முறை அலசி, தடித்த துண்டின்மேல் பரப்பி, பாய் சுருட்டுவது போல் சுருட்டி அமுக்கினால் ஈரம் துண்டுக்குப் போய்விடும்.

நல்ல நீர் என்று சொன்னதைச் சற்று விளக்க வேண்டும். கடலோரமாதலால் நம் பகுதியில் பல வீடுகளின் ஆழ்குழாய் நீர் உப்பும் கடினமுமாக இருக்கிறது. அதில் சோப்புப் போட்டால் நுரைக்குப் பதில் திரிதிரியாகப் பிசுக்குக் கட்டும். அந்தப் பிசுக்குப் பட்டின்மேல் படிந்தால் பளபளப்பு மங்கி மாவு பூசியது போலாகும். வாடிக்கையாளர் அதைச் 'சாயம் வெளுத்துவிட்டது' என்பார். ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதி நீர் எடுத்து, சோப்புக் கட்டியில் ஒரு சுரண்டல் போட்டுக் குலுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். நுரை நின்றால் நல்ல நீர். கலங்கலாகி மேலே ஆடை மிதந்தால் கடின நீர். அப்படிப்பட்ட வீட்டில் கட்டிச் சோப்பை விட்டுத் திரவச் சோப்பையே பயன்படுத்த வேண்டும். கடைசி அலசலுக்காவது நகராட்சிக் குழாய் நீரோ, பிடித்து வைத்த மழைநீரோ வேண்டும்.

மற்றப் படங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முக்கோணம் வெளுப்பு மருந்தைக் குறிக்கும். காலி முக்கோணம் என்றால் எதையும் போடலாம். உள்ளே இரண்டு சாய்கோடு இருந்தால் குளோரின் கலக்காத வெளுப்பு மட்டும். பெருக்கல் குறி என்றால் எதுவும் கூடாது. பட்டிலும் கம்பளியிலும் குளோரின் கரைசல் பட்டால் நிறம் மட்டும் போவதில்லை, மஞ்சளித்து இழையே அரிந்துவிடும். சதுரத்துக்குள் வட்டம் சூட்டுக்காற்றில் உலர்த்தும் மெஷினுக்கு உரியது. நமக்குத் தேவை சதுரத்துக்குள் கோடு போட்ட படங்கள். நின்ற கோடு என்றால் கொடியில் போடலாம், படுத்த கோடு என்றால் பரப்பித்தான் உலர்த்த வேண்டும், மேல் இடது மூலையில் சாய்கோடும் இருந்தால் நிழலில். இஸ்திரிப் பெட்டியில் ஒரு புள்ளி என்றால் 110 முதல் 120 டிகிரிக்குள், அதாவது நைலானுக்கு வைக்கும் சூடு. இரண்டு புள்ளி அதற்கு மேல் நாற்பது டிகிரி, மூன்று புள்ளி பருத்திக்கு. தெருமுனையில் கரிப்பெட்டி வைத்து இஸ்திரி போடுபவரிடம் புள்ளி எடுபடாது. ஒரு புள்ளித் துணியை அவரிடம் கொடுக்கும்போது உள்புறத்தில் ஈரத்துணி விரித்துப் போடச் சொல்ல வேண்டும்.

வட்டத்தைப் பற்றி மட்டும் இன்னும் ஒன்று. அது டிரை கிளீனிங் செய்பவருக்கான உத்தரவு. 'பி' என்றால் பெர்குளோரோஎத்திலீன் என்ற கரைப்பானில் செய்யலாம், பெட்ரோலிய வகையிலும் செய்யலாம். 'எஃப்' என்றால் பெட்ரோலிய வகையில் மட்டும். 'டபிள்யூ' என்றால் நிலையத்தார் தம் கருவிகளால் நீரிலேயே செய்ய வேண்டியது. வித்தியாசம் எங்கே வெடிக்கும் என்றால் சமிக்கி, பிளாஸ்டிக் மணி, ஒட்டு வேலை உள்ள உடைகளில். அவற்றில் சில பெர்குளோரோஎத்திலீனில் இளகி நிறம் விட்டு உதிர்ந்துவிடும். எனவே 'எஃப்' போட்ட உடையைக் கொடுக்கும்போது எந்தக் கரைப்பான் என்று கேட்டுக் கொடுக்க வேண்டும். 'டிரை வாஷ்' என்று பலகை மாட்டிய இடங்களில் சில, தண்ணீரில் அலசி இஸ்திரி போட்டுத் தருவதும் நடக்கிறது. வீட்டில் பெட்ரோல் ஊற்றிக் கறை எடுப்பது அடுப்படிக்குப் பக்கத்தில் உயிரோடு விளையாடுவது. அதை எந்தக் கடைக்காரரும் யோசனையாகக்கூடச் சொல்லக் கூடாது.

இனி, சீட்டே இல்லாத சரக்கு. நம் வியாபாரத்தில் பெரும் பணம் புரளும் பட்டுச் சேலையில் இப்படிப்பட்ட சீட்டைப் பெரும்பாலும் காண முடியாது. 2004-ல் மத்தியப் பட்டு வாரியம் கொண்டுவந்த சில்க் மார்க் சீட்டு அது அசல் பட்டு என்பதற்கே சாட்சி, எப்படித் துவைப்பது என்பதற்கல்ல. ஜரிகை வைத்த சேலையில் உடலும் முந்தியும் கரையும் வெவ்வேறு சாயமாக இருப்பதால் எது கசியும் என்று சொல்ல முடியாது. இங்கே விதி ஒன்றே. ஓர் உடையில் பல பொருள் கலந்திருந்தால் அவற்றில் மிகவும் மென்மையானதற்கு எது பொருந்துமோ அதுவே முழு உடைக்கும். ஆகவே ஜரிகைப் பட்டுக்கு டிரை கிளீனிங். அதற்கு முன்னால் உடுத்தி எடுத்தவுடன் வியர்வை போக நிழலில் ஒரு நாள் காற்றாட விட வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஈரமும் உப்பும் சேர்ந்திருப்பதால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்தக் காற்றாடலும் உள்ளறையில் மின்விசிறிக்கு அடியில்தான். ஈரம் முழுதும் போகாமல் பீரோவில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும், ஜரிகை கறுக்கும்.

அந்தக் கடைக்காரர் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். பில் போடும் பையன் உடையின் உள்தையலைத் திருப்பிச் சீட்டைப் பார்த்து, "30, கைச் சலவை, தனியாக, நிழலில்" என்பது போல் ஒரு வரியைப் பில்லின் கீழே எழுதுகிறான். சீட்டில்லாத பட்டுக்கு "டிரை கிளீனிங் மட்டும்" என்று எழுதுகிறான். சீட்டிலும் பில்லிலும் இல்லாத எதையும் வாயால் சொல்லக் கூடாது என்று கண்டிப்பு. அந்தச் சிவப்புக் குர்த்தாவை அந்த அம்மாள் விடவில்லை. அடியில் சிவப்புப் பட்டி ஒன்று வைத்துத் தைத்து மகளுக்கு உடுத்திவிட்டு, ஆடியில் மாதத் தள்ளுபடிக்கு அதே கடைக்கு வந்தார். உள்ளே நுழைந்ததும் முதலில் சீட்டைத்தான் திருப்பிப் பார்த்தார் என்று கடைக்காரர் சொன்னார்.